போனைத் தண்ணீர்த் தட்டருகே வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதன் கருப்புப் பழங்களுக்காகவும், கீழே நாங்கள் வைக்கும் தண்ணீருக்காகவும் தினமும் வருவது டாப்பி, அதாவது இந்த ஊர்க் கொண்டைக்குருவி. தமிழ்நாட்டுக் கொண்டைக்குருவிக்கு வாலடியில் சிவப்பு இருக்கும், இதற்கு நல்ல மஞ்சள். கருப்புத் தலை, கொஞ்சம் தூக்கிய கொண்டை, ஓயாத பேச்சு. டர்பனில் செடிகொடி உள்ள எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். அதனால் போனில் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதையேதான் முதலில் சொல்வேன்.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பறவையைப் பார்த்ததும் போனை நீட்டிக்கொண்டே நடக்கிறார்கள். நான்கு மீட்டரில் அது கழுத்தை நீட்டிப் பார்க்கிறது, மூன்று மீட்டரில் பறந்துவிடுகிறது, கையில் மிஞ்சுவது ஜூம் செய்து பிசுபிசுத்துப் போன ஒரு பழுப்புத் திட்டு. நானும் ஒரு வருடம் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரச்சினை போனின் விலையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. போனின் முதன்மைக் கேமராவில் (திரையில் 1x என்று காட்டுவது) படத்தின் அகலம், தூரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு. மூன்று மீட்டரில் வைத்தால் நான்கு மீட்டர் அகலம் படத்துக்குள் விழும். டாப்பியின் நீளம் சுமார் 20 செ.மீ., ஆக அது படத்தில் இருபதில் ஒரு பங்கு. 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் பறவைக்குக் கிடைப்பது 200 புள்ளி, அதில் கண் எங்கே தெரியப்போகிறது? அதே போனை 50 செ.மீ. தூரத்தில் வைத்தால் அகலம் 65 செ.மீ. ஆகிவிடும், பறவை படத்தில் மூன்றில் ஒரு பங்கு, 1200 புள்ளிக்கு மேல். இறகின் விளிம்பு வரைக்கும் தெரியும்.

எந்தப் பறவையும் உங்களை 50 செ.மீ. வரை வரவிடாது. ஆனால் அசையாமல் நிற்கும் ஒரு சின்னக் கருப்புப் பொருளை, பழகிவிட்டால், விடும். அதனால் போன் அங்கே, நீங்கள் வீட்டுக்குள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் மூன்று நாள் போனைத் தொட வேண்டாம்

முதலில் தண்ணீர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனில் மழை குறைவு, அப்போது ஒரு தட்டுத் தண்ணீர் போதும், வேறு எந்தத் தீனியும் போட வேண்டியதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு, முப்பது முப்பத்தைந்து செ.மீ. அகலம், தண்ணீர் மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் பறவைக்குக் கால் வழுக்கும். நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள், சின்னப் பறவைகள் அதன் மேல் நின்று குடிக்கும். தட்டு முழங்கால் உயரத்தில் செங்கல் அடுக்கின் மேல் இருக்கட்டும், பக்கத்துச் செடியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி. ரொம்பப் பக்கத்தில் செடி இருந்தால் பூனை அதற்குள் பதுங்கும், ரொம்பத் தூரத்தில் இருந்தால் பயந்த பறவைக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது. தினமும் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். எச்சம் கலந்த தண்ணீரில் நோய் பரவும், கொசுவும் வரும். இதைத் தினமும் செய்ய நேரமில்லை என்றால் தட்டே வைக்காதீர்கள்.

பிறகு சமையலறை ஜன்னலிலிருந்து சும்மா பாருங்கள். ஒரு தாளில் நேரத்தையும், யார் வந்தார்கள், எங்கே முதலில் உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். போன ஜூனில் நான் எழுதியது இப்படி இருந்தது: 7.35 டாப்பி இரண்டு, 7.50 வெள்ளைக்கண்ணிக் கூட்டம், ஏழோ எட்டோ, குளியல், 8.20 மைனா, மற்றவை எல்லாம் விலகின. மறுபடி பிற்பகல் மூன்றரைக்கு மேல் டாப்பி. மூன்று நாளும் ஏறக்குறைய இதே வரிசை.

அதைவிட முக்கியமாக ஒன்று தெரிந்தது. டாப்பி ஒருநாளும் நேராகத் தட்டில் வந்து இறங்கவில்லை. முதலில் துணி காயப்போடும் கம்பி, அங்கே சுற்றிலும் ஒரு பார்வை. அப்புறம் மரத்தின் ஒரு தாழ்ந்த கிளை. அதற்கப்புறம்தான் தட்டின் விளிம்பு. இந்த நடுவில் வரும் காத்திருப்பு இடம்தான் படத்துக்கு உகந்தது, ஏனென்றால் அங்கே அது இரண்டு மூன்று நொடி தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும். தட்டில் குனிந்து குடிக்கும்போது முதுகுதான் கிடைக்கும். ஆகவே நான் ஒரு காய்ந்த கொய்யாக் குச்சியைத் தட்டுக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சாண் உயரமாக, சாய்வாக நட்டேன். மறுநாளே டாப்பிகள் அதில் வந்து உட்காரத் தொடங்கின.

வெயில் வடக்கிலிருந்து வருகிறது

இந்தியாவில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே செய்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடக்குப் பக்கமாகத் தாழ்வாகவே போய் வடமேற்கில் மறையும். ஜூனில் நடுப்பகலில்கூட அதன் உயரம் 37 டிகிரிதான். வீட்டின் தென்புறச் சுவரோரம் தட்டு வைத்தால் அந்த மாதம் முழுக்க நிழலிலேயே கிடக்கும், படம் மங்கலாகவும் நீலமாகவும் வரும்.

காலையில் எடுப்பதாக இருந்தால் போன் தட்டுக்கு வடகிழக்கில் இருந்து தென்மேற்கைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் டாப்பியின் கருப்பு முகத்தில் வெயில் விழுந்து கண் தனியாகத் தெரியும். கருப்பு முகத்தில் கருப்புக் கண், அதில் ஒரு துளி ஒளி இல்லையென்றால் பறவைக்குக் கண்ணே இல்லாதது போல இருக்கும். ஆனால் காலை வெயில் தாழ்வு, போனின் நிழல் நீண்டு போய்த் தட்டின் மேலேயே விழும். அதனால் சூரியனுக்கு நேர் முன்னால் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள், வெயில் போனின் தோளைத் தாண்டி வருவது போல. பின்னணிக்கு எங்களுக்குக் கறிவேப்பிலை மரத்தின் உள்நிழல் கிடைத்தது, தட்டிலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால். போன் கேமராவில் பின்னால் உள்ளது எல்லாமே ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடும், மங்கலாக்க அதிகம் முடியாது, அதனால் இருட்டான பின்னணியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. எங்கள் பச்சை வாளியும் தண்ணீர்க் குழாயும் ஒரு வாரம் எல்லாப் படத்திலும் இருந்தன, அப்புறம்தான் அவற்றை நகர்த்தினேன்.

போனுக்கு முன்னால் ஒரு மரத்துண்டு

சிறிய முக்காலி ஒன்று வேண்டும். அதில் முதலில் போனை வைக்காதீர்கள். போன் அளவில் ஒரு மரத்துண்டை வெட்டிக் கருப்பு டேப் சுற்றி, அதை முக்காலியில் மாட்டி, முதல் நாள் இரண்டு மீட்டரில் வையுங்கள். மறுநாள் ஒரு மீட்டர், அதற்கு மறுநாள் 50 செ.மீ. இரவு பகலாக அது அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் நகர்த்திவிட்டு உள்ளே வந்த பிறகு பறவைகள் வழக்கமான நேரத்தில் வருகின்றனவா என்று பார்த்து, வந்தால் மட்டும் அடுத்த அடி.

வராவிட்டால்? அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பறவை பறந்து போவது மட்டுமே தொந்தரவின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசி அடையாளம். அதற்கு முன்பே உடம்பில் தெரியும். நிம்மதியாக இருக்கும் டாப்பியின் இறகு கொஞ்சம் தளர்ந்து உருண்டையாக இருக்கும், குடிப்பதற்கிடையே அலகைக் குச்சியில் துடைக்கும், இறகு கோதும். பயத்தில் இருந்தால் இறகை உடம்போடு ஒட்டி மெலிந்து நீளமாக நிற்கும், கொண்டை தூக்கும், போன் இருக்கும் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கும், கடகடவென ஒரே ஒலியை விடாமல் திருப்பித் திருப்பிக் கத்தும். இன்னொன்று, கம்பிக்கு வரும், கிளைக்கு வரும், தட்டுக்கு வராமல் திரும்பிப் போகும், மறுபடி வரும், மறுபடி போகும். இப்படி மூன்று முறை நடந்தால் அது தாகத்தோடு இருக்கிறது, நாம் வைத்த பொருள் அதைத் தடுக்கிறது என்று பொருள். வழக்கமான நேரம் தாண்டி இருபது நிமிடம் யாரும் இறங்காவிட்டால் எடுத்துவிடுங்கள், முந்தைய தூரத்துக்குப் போய் இரண்டு நாள் பொறுங்கள். எங்கள் ஆயா இதைத்தான் சொன்னார்: “அது தண்ணி குடிக்கத்தானய்யா வருது, மொதல்ல அது குடிக்கட்டும்.”

ஆனால் கத்தல் எல்லாம் உங்களால்தான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். டாப்பிகள் நான்கைந்து சேர்ந்து ஒரே கிளையை நோக்கிக் கத்தினால் அங்கே பாம்பு இருக்கலாம். பெரும்பாலும் பல்லியைத் தேடி வரும் விஷமில்லாத பச்சைப் புள்ளிப் பாம்பாக இருக்கும், ஆனால் இந்த ஊரில் பச்சையாக இருப்பதெல்லாம் அது இல்லை. பூம்ஸ்லாங்கும் மரத்தில்தான் இருக்கும், அதற்குக் கடும் விஷம். அன்றைக்குப் படத்தை விட்டுவிடுங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள்.

கூடு பக்கம் இந்த முறையைக் கொண்டு போகவே கூடாது. தண்ணீருக்கு வரும் பறவைக்கு வேறு இடம் போக வழி உண்டு, கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு இல்லை. தாய் வர அஞ்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் குஞ்சு குளிரிலோ பசியிலோ இறந்துவிடலாம். மறைத்திருக்கும் இலையை விலக்கினால் காகமும் குரங்கும் பார்த்துவிடும். போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், அது எதிரி வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது.

போனில் செய்ய வேண்டியது

இங்கே அதிகம் இல்லை. ஒலியை முழுக்க நிறுத்துங்கள், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். ஃபிளாஷ் அணைந்திருக்கட்டும். திரை தானாக அணையும் நேரத்தை அதிகபட்சமாக்குங்கள், இல்லையென்றால் டாப்பி வருவதற்குள் போன் தூங்கிவிடும். லென்ஸ் குச்சியின் உயரத்தில், பறவையின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

குவியத்துக்கு நான் செய்வது இது. குச்சியில் பறவை உட்காரும் இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்து, திரையில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடிப்பேன். ஐபோனில் AE/AF LOCK என்று மஞ்சளாக வரும், மற்ற போன்களில் ஒரு பூட்டுப் படம் வரும். அப்புறம் பழத்தை எடுத்துவிடலாம். இதைச் செய்யாவிட்டால் காலியான குச்சியைத் தாண்டி மரத்தின் மேல் குவியம் போய் நிற்கும், பறவை வரும்போது திரும்ப வர ஒரு நொடி ஆகும். வெளிச்சத்தையும் அப்போதே கொஞ்சம் குறைத்துவிடுங்கள், பின்னணி இருட்டாக இருப்பதால் போன் தானாக ஏற்றி வைத்திருக்கும், வாலடி மஞ்சள் வெளுத்துப் போகும்.

2x, 3x என்று காட்டும் லென்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல போன்களில் தொலைவு லென்ஸ் 50 செ.மீ.க்குள் குவியாது, அப்போது போன் உங்களிடம் சொல்லாமலே முதன்மைக் கேமராவுக்கு மாறி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கண்டுபிடிப்பது சுலபம்: தொலைவு லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருட்டாகாவிட்டால் அது அந்த லென்ஸ் இல்லை. அப்படியானால் 1x-லேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

படமெடுக்க ஒரு புளூடூத் பொத்தான் வாங்கினால் போதும், மலிவானதே போதும், ஏறக்குறைய பத்து மீட்டர் வரை வேலை செய்யும், ஆனால் நடுவில் செங்கல் சுவர் வந்தால் குறையும். எங்கள் ஜன்னலிலிருந்து தட்டு ஆறு மீட்டர். பொத்தான் இல்லையென்றால் 4K வீடியோவை ஓடவிட்டு அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுக்கலாம், ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல் வரும், ஆனால் நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடும். வெள்ளைக்கண்ணி குளிப்பதற்கு இரண்டுமே சரிவராது, அது அவ்வளவு வேகம். அதற்கு ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 காட்சி வையுங்கள், ஒவ்வொரு காட்சியும் 1/240 நொடியைவிட நீளமாக இருக்க முடியாது என்பதால் தண்ணீர்த் துளி தனித்தனியாக நிற்கும். நல்ல வெயில் இருந்தால்தான்.

நிழலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இறகின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் குவியம் தவறியதாக நினைக்காதீர்கள். போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும்போது பறவை அசைந்திருக்கிறது. அதற்கு மருந்து அதிக வெளிச்சம், அதாவது இன்னும் அரைமணி நேரம் பொறுப்பது.

அந்தக் காலை

ஆறாம் நாள்தான் மரத்துண்டுக்குப் பதில் போனை வைத்தேன், 7.10க்கு, பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் வருவதற்கு முன்பே, கொல்லையில் யாரும் இல்லாதபோது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஓர் இடுக்கு மட்டும். பறவைகளுக்குச் சமையலறைச் சத்தம் பழக்கம், தாளிக்கும் ஓசைக்கு அவை அசைவதில்லை, ஆனால் பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே பறந்துவிடும், அதனால் அதைத் தொடவில்லை.

7.40க்கு ஒரு டாப்பி கம்பிக்கு வந்தது. கிளை. குச்சி. போனைப் பார்த்தது, ஒரே ஒரு முறை, தலையைச் சாய்த்து. நான் அழுத்தவில்லை. முதல் முறை குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன், இது என் வழக்கம், அந்த முதல் வருகை கெட்டுவிட்டால் அந்தக் காலையே கெட்டுவிடும். ஐந்து நிமிடத்தில் இரண்டாகத் திரும்பி வந்தன. அப்போது அழுத்தத் தொடங்கினேன். 8 மணிக்கு வெள்ளைக்கண்ணிகள் வந்து குளித்ததில் லென்ஸில் தண்ணீர் தெறித்து அதன் பிறகு எடுத்தவை எல்லாம் மங்கல். ஓடிப் போய்த் துடைக்கக் கை துடித்தது, ஆனால் அவை போகும் வரை உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 140 படம், அதில் கண் தெளிவாக இருந்தவை ஒன்பது, வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்றில் டாப்பியின் அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள் எங்கள் வேலி தலைகீழாகத் தெரிகிறது.

மறுநாள் குரங்குகள் வந்தன. வெர்வெட் குரங்கு ஒன்று முக்காலியோடு போனைத் தூக்கிக்கொண்டு மதில் வரை போய்க் கீழே போட்டது, திரையில் கீறல். அதிலிருந்து முக்காலியின் ஒரு காலைச் செங்கல்லோடு கம்பியால் கட்டிவிடுகிறேன், பழம் எதுவும் அந்தப் பக்கம் வைப்பதில்லை, கூட்டம் வரும் சத்தம் கேட்டால் முதலில் போனை எடுத்துவிடுகிறேன். முன்வாசலில் போனை விட்டுவிட்டு உள்ளே போகும் துணிச்சல் எனக்கு இல்லை, நீங்களும் மதில் உள்ள கொல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் நேர் வெயிலில் போன் சூடேறித் தானே நின்றுவிடும், அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பச்சோந்திக்கு மட்டும் வேறு முறை

டர்பன் தோட்டங்களில் விரல் நீளக் குட்டைப் பச்சோந்தி உண்டு. பகலில் இலையோடு இலையாக இருப்பதால் கண்ணில் படாது. இரவில் குச்சி நுனியில் வெளிறித் தூங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் வெண்மையாகப் பளிச்சென்று தெரியும். இங்கே நீங்களே அருகில் போகலாம், அது ஓடாது, அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும்: ஓடாததால் அதற்குத் தொந்தரவு இல்லை என்று தோன்றிவிடும். வெளிர் நிறம் கருக்கத் தொடங்கினாலோ, கண் திறந்து சுழன்றாலோ, குச்சியின் மறுபக்கத்துக்கு நகர்ந்தாலோ அது விழித்துவிட்டது. டார்ச்சை நேராக முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து, ஒரு வெள்ளைத் துணியால் மூடி, அரை நிமிடத்துக்குள் நான்கைந்து படம். குச்சியை வளைக்காதீர்கள், கையில் எடுக்காதீர்கள். எந்தக் குச்சி என்று ஒரு துண்டு நூலைச் செடியின் அடித்தண்டில் கட்டிவைத்துவிட்டு வந்தால், விடியற்காலையில் அது நிறம் ஏறி நகரத் தொடங்கும்போது, டார்ச் இல்லாமலே இன்னும் நல்ல படம் கிடைக்கும்.